முதல் பாலிசியை விற்கும் முன்: மதுரையில் புதிதாக ஏஜென்ட் ஆனவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐசி-38 தேர்வில் பாஸாகிவிட்டீர்கள். ஏஜென்சி எண் வந்துவிட்டது. டெவலப்மென்ட் ஆபீசர் ஒரு நோட்டைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொல்லியிருப்பார். முதல் பக்கத்தில் மச்சான், சித்தப்பா, தெருமுனை மளிகைக்கடைக்காரர், கூடப் படித்தவன். விற்பது எப்படி என்று கிளை அலுவலகத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். எதை, யாரிடம் விற்கக் கூடாது என்பதற்கு அங்கே வகுப்பு கிடையாது. இந்த வழிகாட்டி அதற்கானது. ஏஜென்ட் எதிரே உட்காரப்போகிறவரும் இதைப் படித்து வைத்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

1. உங்கள் கூலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையைக் கொண்டுவந்து இறக்கும் விவசாயிக்கு, கமிஷன் கடைக்காரர் எவ்வளவு பிடிக்கிறார் என்பது தெரியும். கணக்குச் சீட்டிலேயே அது இருக்கும். ஆயுள் காப்பீட்டில் பிரீமியம் ரசீதில் அப்படி ஒரு வரி இருக்காது. ஆனால் உங்களுக்குப் போகும் பணம் அந்தப் பிரீமியத்திலிருந்துதான் போகிறது.

அது போகும் விதத்தைக் கவனியுங்கள். 2023 ஏப்ரல் வரை கமிஷனுக்குத் திட்டவாரியாக உச்சவரம்பு இருந்தது. நீண்ட காலம் கட்டும் எண்டோவ்மென்ட் பாலிசி என்றால் முதல் வருடப் பிரீமியத்தில் 35% வரை. அதன்பிறகு 7.5%, பிறகு 5% என்று இறங்கிவிடும். இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் மொத்தச் செலவு வரம்புக்குள் தானே விகிதத்தை முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் நிறுவனத்தின் இன்றைய விகிதத்தைக் கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் எதுவானாலும் முதல் வருடம் கனமாகவும் அடுத்த வருடங்கள் மெலிந்தும் இருக்கும். வாடிக்கையாளருக்கு இது தலைகீழ். அவருக்கு எண்டோவ்மென்ட் பாலிசியில் உருப்படியான பணம் கடைசி வருடத்தில்தான் வருகிறது. நடுவில் நிறுத்தினால் நஷ்டம் அவருக்கு; நீங்கள் வாங்கிய முதல் வருடக் கமிஷன் உங்களிடமே இருக்கும். தவறான விற்பனை என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டு ஏஜென்ட் நியமன விதிகளில் நடத்தை நெறி இருக்கிறது. வாடிக்கையாளரின் தேவையைக் கருத்தில் கொண்டே திட்டத்தைப் பரிந்துரைக்க வேண்டும். கமிஷன் எவ்வளவு என்று அவர் கேட்டால் சொல்லியாக வேண்டும். பழைய பாலிசியை முறிக்க வைத்து, அன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் அவரிடமே புதியதை விற்கக் கூடாது. இதற்கும் முன்னால், 2002-ம் ஆண்டு பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளிலேயே, வாடிக்கையாளர் உங்கள் யோசனையை நம்பி முடிவெடுக்கிறார் என்றால் விருப்பு வெறுப்பில்லாமல் யோசனை சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

‘கேட்டால் சொல்ல வேண்டும்’ என்பதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. யாரும் கேட்பதில்லை. சொந்தக்காரரிடம் போய் ‘உனக்கு இதில் எவ்வளவு?’ என்று கேட்பதை நம் ஊரில் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். நீங்களாகவே சொல்லிவிடுங்கள் என்பது என் கட்சி. சட்டம் கேட்பதைவிட இது கூடுதல்தான், தெரிந்தே சொல்கிறேன்.

விசிட்டிங் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஃபைனான்ஷியல் அட்வைசர்’ என்று அச்சடிக்க ஆசை வரும். செபியின் 2013-ம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர் வாடிக்கையாளரிடமே கட்டணம் வாங்குகிறவர். அவர் வாடிக்கையாளரின் நலனுக்குக் கட்டுப்பட்டவர். யோசனை சொன்ன பொருளுக்கு நிறுவனத்திடம் கமிஷன் வாங்க முடியாது. காப்பீட்டைப் பற்றி மட்டும் பேசும் ஏஜென்ட்டுக்கு அந்தப் பதிவு தேவையில்லை. அதனாலேயே அந்த நாற்காலி உங்களுடையது இல்லை. ஆயுள் காப்பீட்டில் நீங்கள் ஒரே ஒரு நிறுவனத்தின் ஏஜென்ட். கார்டில் அப்படியே இருக்கட்டும்.

2. கமிஷனைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள்

சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்திய ஏஜென்ட்டுகளிடம் வாடிக்கையாளர் வேஷத்தில் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். டேர்ம் பாலிசி பொருத்தமான ஆளுக்கும் ஏஜென்ட்டுகளில் பெரும்பாலோர் கமிஷன் அதிகமுள்ள முழு ஆயுள் பாலிசியையே காட்டினார்கள். 2010 ஜூலையில் யூலிப் பாலிசிக்குக் கமிஷனைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி வந்தது. அதற்குப் பிறகு ஏஜென்ட்டுகள் என்ன செய்தார்கள்? யூலிப்பைக் குறைத்துக்கொண்டு, கமிஷன் சொல்லத் தேவையில்லாத வேறு திட்டங்களுக்குத் தாவினார்கள். ஒரு ஜன்னலைத் திறந்ததும் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். பிரிட்டன் 2012 இறுதியோடு முதலீட்டு யோசனைக்குக் கமிஷனையே தடை செய்தது. இங்கே அந்தப் பேச்சு குழு அறிக்கைகளோடு நிற்கிறது. எனவே கணக்கைச் சரியாகப் போடும் வேலை உங்கள் தலையில்தான்.

3. பிரசுரத்தைப் பையிலேயே வைத்துவிட்டு, குடும்பக் கணக்கை எழுதுங்கள்

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 35 வயது. சொந்தமாக ஒரு குட்டி யானை வைத்து, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றுகிறார். மனைவி வீட்டில் இருக்கிறார். எட்டு வயது மகள், ஐந்து வயது மகன். ‘பாப்பா கல்யாணத்துக்கு ஏதாவது போட்டு வைக்கணும்’ என்று அவரே உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

வழக்கமாக ஏஜென்ட் கேட்கும் ஒரே கேள்வி: ‘மாசம் மூவாயிரம் கட்ட முடியுமா?’ அவர் ‘முடியும்’ என்பார். பொய் சொல்லவில்லை. அவர் மனதில் இருப்பது முகூர்த்தம் நிறைந்த நல்ல மாதம். நீங்கள் பன்னிரண்டு மாதத்தையும் கேளுங்கள். நல்ல மாதம் 32,000 ரூபாய். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழி, தை பனியில் மல்லிகை வரத்து விழுந்துவிடும். விலை ஏறும், ஆனால் ஏற்ற லோடு இருக்காது. அந்த மாதங்களில் 22,000. இடைப்பட்ட மாதங்களையும் சேர்த்தால் வருடச் சராசரி 28,000 என்று வருகிறது.

செலவு: வீட்டுக்கு 18,000, வண்டித் தவணை 6,000, அடகு வைத்த நகைக்கு வட்டி 1,200. மொத்தம் 25,200. ஆக, நல்ல மாதத்தில் 6,800 மிஞ்சுகிறது. மந்த மாதத்தில் 3,200 துண்டு விழுகிறது. சராசரியாக மாதம் 2,800, வருடத்துக்கு 33,600. அவர் ‘முடியும்’ என்று சொன்ன 36,000 இதைவிடவே அதிகம்.

அடுத்து கடனைக் கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்காமல் விட்டால் மற்றக் கணக்கெல்லாம் வீண். வண்டிக் கடனில் பாக்கி 2.4 லட்சம். நகைக்கடன் 1.5 லட்சம். மொத்தம் 3.9 லட்சம். மகளிர் குழுக் கடன், கைமாற்று என்று வேறு எதுவும் இருந்தால் மனைவிக்குத்தான் தெரிந்திருக்கும். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். நாமினியும் பெரும்பாலும் அவரே.

இதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தை வாங்கி, நீங்கள் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்தத் திட்டத்தைச் சொன்னீர்கள் என்று பின்னால் யாராவது கேட்டால், இந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

4. இரண்டு திட்டங்களையும் அந்தத் தாளிலேயே ஓட்டிப் பாருங்கள்

வருடம் 36,000 ரூபாய், இருபது வருடம் கட்டும் எண்டோவ்மென்ட் பாலிசி. இந்த வயதில் இதற்கு ஏறக்குறைய 7 லட்சம் ரூபாய் காப்பீட்டுத் தொகை வரும். பழைய உச்சவரம்பான 35%-ஐ வைத்துப் பார்த்தால் உங்களுக்கு முதல் வருடம் 12,600 ரூபாய்.

இன்னொன்று, 25 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி. வருடப் பிரீமியம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தையும் உடல்நிலையையும் பொறுத்துக் கூடும், குறையும். டேர்முக்குப் பழைய உச்சவரம்பு 40%. விகிதம் அதிகம்தான், ஆனால் கைக்கு வருவது 4,000 ரூபாய். டேர்மில் கமிஷனே இல்லை என்று கிளையில் சொல்வார்கள். விகிதத்தில் குறையில்லை, பிரீமியம் சிறியது, அவ்வளவுதான்.

முதல் கேள்வி: அவர் இரண்டாவது வருடத்தில் விபத்தில் இறந்துவிட்டால்? எண்டோவ்மென்ட்டில் 7 லட்சமும் சேர்ந்த கொஞ்சம் போனஸும் வரும். கடன் 3.9 லட்சத்தை அடைத்தால் மிச்சம் 3.1 லட்சம். மாதம் 18,000 வீதம் அது பதினேழு மாதத்துக்கு ஓடும். பாப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட ஆகியிருக்காது. டேர்மில் 25 லட்சம். அதோடு வங்கிக் கணக்கில் வருடம் 436 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் சேர்த்திருந்தால் இன்னும் 2 லட்சம். இதற்கு உங்களுக்குக் கமிஷன் வராது, ஆனாலும் சொல்லுங்கள். 27 லட்சத்தில் கடன் போக 23.1 லட்சம். வட்டி, விலைவாசி இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் பத்து வருடத்துக்கு மேல் குடும்பம் நடக்கும்.

இரண்டாவது கேள்வி: மூன்றாவது வருடம் பிரீமியம் கட்ட முடியாமல் போனால்? அவர் வருமானத்தைப் பார்த்த பிறகு இது கற்பனைக் கேள்வி அல்ல. எண்டோவ்மென்ட்டில் 72,000 கட்டியிருப்பார். பழைய விதிப்படி இரண்டு வருடம் கட்டி முறித்தால் உத்தரவாத சரண்டர் தொகை 30%, அதாவது 21,600 ரூபாய். 2024 அக்டோபருக்குப் பிறகு வந்த பாலிசிகளில் ஒரு வருடம் கட்டியிருந்தாலே சிறப்பு சரண்டர் தொகை உண்டு, பழையதைவிட மேல். ஆனால் கட்டிய பணம் முழுதாகத் திரும்பாது. டேர்மில் நிறுத்தினால் பாதுகாப்பு போகும், அதுவும் நஷ்டமே. ஆனால் வருடம் 10,000 கட்டுவதை மந்த மாதம் அவ்வளவு எளிதில் முறிக்காது.

இருபது வருடமும் விடாமல் கட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 7.2 லட்சம் கட்டி, போனஸ் எல்லாம் சேர்ந்து 13 லட்சம் வருகிறது என்றால், அது வருடத்துக்கு ஏறக்குறைய 5.3% வளர்ச்சி. அவரோ நகைக்கு 1.5 லட்சத்தில் மாதம் 1,200, அதாவது வருடத்துக்கு 9.6% வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அடகுக்கடையில் நகை இருக்கும்போது அவருக்குச் சேமிப்பு பாலிசி விற்பது, 9.6% வட்டிக்குக் கடன் வாங்கி 5.3%-க்குப் போட்டு வைக்கச் சொல்வதற்குச் சமம். இந்த ஒரு வரியை அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் பாதிக் கடமை முடிந்துவிடும்.

ஆக, இந்தக் குடும்பத்துக்கு: டேர்ம் முதலில். கணவன் மனைவி இருவருக்கும் 436 ரூபாய் திட்டமும், வருடம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும். மிச்சத்தில் பெரும்பகுதி நகைக்கடன் அசலுக்கு. மகளுக்குப் பத்து வயது ஆகும் முன் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு. அதில் வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். நல்ல மாதத்தில் கூடுதலாகப் போடலாம், மார்கழியில் சும்மா இருக்கலாம். பூ வண்டி ஓட்டுகிறவரின் வருமானத்துக்கு இந்த நெகிழ்வு வட்டி விகிதத்தைவிட முக்கியம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாத சுயதொழில்காரருக்குப் பெரிய டேர்ம் பாலிசி தர நிறுவனங்கள் தயங்கும். இப்படிப்பட்டவர்களை நினைத்தே 2021 ஜனவரியில் சரள் ஜீவன் பீமா என்ற பொதுவான டேர்ம் திட்டத்தை ஒழுங்காற்று ஆணையம் கொண்டுவரச் செய்தது. 5 முதல் 25 லட்சம் வரை. தொழில், படிப்பு பார்த்து ஒதுக்கக் கூடாது. முதல் 45 நாள் விபத்து மரணத்துக்கு மட்டும் முழுத் தொகை. உங்கள் நிறுவனத்தில் இப்போது அது எந்த உருவில் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால் ‘எங்களிடம் இல்லை, வேறு கம்பெனியில் கேளுங்கள்’ என்று சொல்லிவிடுவதே முறை. வலிக்கும்தான்.

எண்டோவ்மென்ட் யாருக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. கடன் இல்லாத, மாதச் சம்பளம் தவறாத, டேர்ம் ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒரு பள்ளி ஆசிரியர், கையில் வைத்தால் செலவாகிவிடும் என்று தெரிந்தே கேட்டால் விற்கலாம். அவருக்கும் 5.3% கணக்கைக் காட்டிவிட்டு விற்க வேண்டும்.

5. ‘உசுரோட இருந்தா என்ன கிடைக்கும்?’

டேர்ம் என்று வாயெடுத்ததும் வரும் கேள்வி இது. ‘அண்ணே, செத்தாத்தானே காசு? நல்லா இருந்தா கட்டினது எல்லாம் போச்சா?’ பல ஏஜென்ட்டுகள் இந்த இடத்தில் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு எண்டோவ்மென்ட் பிரசுரத்தை எடுத்துவிடுகிறார்கள். அவரே கேட்டார், நான் கொடுத்தேன் என்று மனச்சாட்சிக்கும் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

பதிலை அவர் தொழிலிலிருந்தே எடுங்கள். ‘வண்டிக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுறீங்களே தம்பி, ஆக்சிடென்ட் ஆகலன்னு அந்தக் காசைத் திருப்பிக் கேட்டீங்களா?’ பெரும்பாலும் சிரிப்பார். அப்புறமும் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. கட்டாயப்படுத்த வேண்டாம். மூன்றாம் படியில் எழுதிய தாளில் ‘டேர்ம் சொல்லப்பட்டது, வேண்டாம் என்றார்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சேமிப்பு பாலிசியைத்தான் எடுக்கிறார் என்றால், பலன் விளக்க அட்டவணையை அவர் முன் விரியுங்கள். அதில் 4%, 8% என்று இரண்டு அனுமானங்கள் இருக்கும். உத்தரவாதமுள்ள தொகையும் இல்லாத தொகையும் தனித்தனியே இருக்கும். 8% கட்டத்தை மட்டும் விரலால் காட்டிவிட்டு மற்றதை உள்ளங்கையால் மூடிக்கொள்வது நம் தொழிலில் பழைய வித்தை. 4% கட்டத்தை முதலில் காட்டுங்கள். இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது.

‘முதல் பிரீமியத்தில் என் கமிஷனை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று ஆசை காட்டாதீர்கள். 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டம் 41-ம் பிரிவு அதைத் தடுக்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. ‘ஒரு தடவை கட்டினால் போதும்’ என்று சொல்லி வருடா வருடம் கட்டும் பாலிசியை ஓய்வு பெற்றவரின் வைப்புத்தொகையில் விற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது மோசடி.

6. விண்ணப்பத்தில் சுகரை மறைக்காதீர்கள்

பொருந்தாத பாலிசியைவிடப் பெரிய கேடு, பொருத்தமான பாலிசியைத் தப்பாக நிரப்புவது. ஆங்கிலப் படிவம். நீங்களே வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு ‘இங்க ஒரு கையெழுத்து அண்ணே’ என்கிறீர்கள். அவருக்கு நான்கு வருடமாகச் சுகர். சொன்னால் மெடிக்கல் டெஸ்ட் வரும், பிரீமியம் ஏறும், மார்ச் முடிந்துவிடும்.

45-ம் பிரிவின்படி மூன்று வருடத்துக்குள் நிறுவனம் பாலிசியைக் கேள்வி கேட்கலாம். அதற்குள் மரணம் என்றால் விசாரணைக்கு ஆள் வருவார். அரசு மருத்துவமனைச் சீட்டு, மருந்துக்கடைப் பில் எல்லாம் தோண்டுவார். ‘ஏஜென்ட்தான் நிரப்பினார்’ என்ற வாதம் எடுபடுவது கஷ்டம். ரிலையன்ஸ் லைஃப் தொடர்பான வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம், கையெழுத்துப் போட்டவர் வெற்றுப் படிவத்தில் போட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்றது. அங்கே மறைக்கப்பட்டது நோய்கூட இல்லை, வேறு நிறுவனத்தில் எடுத்திருந்த இன்னொரு பாலிசி. அது போதும் என்றாகிவிட்டது.

ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்து, பதிலை வாங்கி, அவர் கண்முன்னே நிரப்புங்கள். சுகர், பிரஷர், சிகரெட், குடி, பழைய ஆபரேஷன், பழைய பாலிசி. படிவத்தின் மொழி அவருக்குத் தெரியாது என்றால், விளக்கிச் சொல்லப்பட்டது என்ற உறுதிமொழிக்கு அதிலேயே இடம் உண்டு. சொல்லாமல் அதில் கையெழுத்து வாங்கினால் அது பொய்ச் சான்று. சுகரைச் சொன்னதால் பிரீமியம் ஏறியது என்றால், அதுதான் அந்தப் பாலிசியின் உண்மையான விலை.

7. பாலிசி கைக்கு வந்த பிறகு

பத்திரம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவருக்கு யோசிக்கும் அவகாசம் உண்டு. 2024 விதிகளுக்கு முன் சாதாரணமாக 15 நாள்தான். பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம். அதுவரை கிடைத்த பாதுகாப்புக்கான தொகை, மெடிக்கல் டெஸ்ட், முத்திரைத்தாள் செலவு போக மிச்சம் வந்துவிடும். உங்கள் கமிஷனும் திரும்பிப் போகும். பத்திரம் வந்ததும் ஒரு நடை போய், எத்தனை வருடம் கட்ட வேண்டும், நாமினி யார் என்ற இரண்டையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் அங்கேயே 30 நாள் விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு உங்கள் வேலையை அளக்க ஓர் எண் வரும். விற்ற பாலிசிகளில் எத்தனைக்கு 13-வது மாதப் பிரீமியம் வந்தது, எத்தனைக்கு 61-வது மாதமும் வந்தது என்று நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. மேடையில் எம்டிஆர்டி பட்டம் வாங்குவதற்கு இந்த 61-வது மாத எண்ணை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். மந்த மாதங்களில் எந்தத் தொழில்காரரின் பாலிசி லேப்ஸ் ஆகிறது என்று பார்த்தால், மூன்றாம் படியில் என்ன கேட்கத் தவறினீர்கள் என்று தெரியும்.

வாடிக்கையாளர் தனக்குத் தப்பான பாலிசி விற்கப்பட்டது என்று உணர்ந்தால், அது நீங்கள் விற்றதாக இருந்தாலும், வழியைச் சொல்லுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ (bimabharosa.irdai.gov.in) 155255 என்ற எண்ணிலோ பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். மதுரை அவர் எல்லைக்குள் வரும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். அது தவிர மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கிறது. புகாரோடு பாலிசி நகல், பலன் விளக்க அட்டவணை, நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் மூன்றும் போக வேண்டும். நீங்கள் எழுதி வைத்த அந்தக் குடும்பக் கணக்குத் தாளின் படியை அவர் கேட்டால், மறுக்காமல் கொடுங்கள்.